துபாயிலிருந்து ஜனவரியில் சென்னை திரும்பியவர் அந்த ஆண்டுக்கு ரெசிடென்ட்டா, என்.ஆர்.ஐ-யா?

கேள்வி: சார், 2013 ஜூனிலிருந்து துபாயில் வேலை பார்த்தேன். 2026 ஜனவரி 18 அன்று விசாவை கேன்சல் செய்துவிட்டு குடும்பத்தோடு சென்னைக்கே வந்துவிட்டேன். கம்பெனி கேட்டுக்கொண்டதால் மார்ச் கடைசி வரை மடிப்பாக்கம் வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுத்தேன். 182 நாள் ஆகவில்லை, நீங்கள் என்.ஆர்.ஐ தான் என்கிறார் ஒரு நண்பர். 60 நாள் போதும், துபாய் சம்பளம் முழுக்க வரி வரும் என்கிறார் இன்னொருவர். எது சரி? அங்கே ஒரு ஃப்ளாட் வாடகைக்கு விட்டிருக்கிறேன். கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை, எந்தக் கணக்குக்கு அனுப்ப என்று கேட்கிறார்கள். இங்கே இன்னொரு ஃப்ளாட்டின் வாடகையும் என்.ஆர்.இ எஃப்.டி-யும் உண்டு. இந்தியாவில் இருந்த நாட்கள்: 2020-21ல் 24, 2021-22ல் 176 (அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சம்பளமில்லா விடுப்பு), 2022-23ல் 75, 2023-24ல் 58, 2024-25ல் 62. 2025-26ல் ஆகஸ்டில் 20 நாள் லீவு, அப்புறம் ஜனவரி 18 முதல் இங்கேதான்.

பதில்:

உங்கள் நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சரி. 2025-26க்கு நீங்கள் பெரும்பாலும் ரெசிடென்ட். ஆனால் ‘நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்’ என்ற வகை, ஆடிட்டர்கள் வாயில் ஆர்.என்.ஓ.ஆர். அதனால் ஜனவரி 17 வரை துபாயில் சம்பாதித்ததற்கு இங்கே வரி கிடையாது. ஜனவரி 18க்குப் பிறகு மடிப்பாக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு வரி உண்டு, அது துபாய் கம்பெனி கொடுத்ததாக இருந்தாலும்.

முதலில் இந்த 60, 182 சண்டையை முடித்துவிடலாம்.

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் ரெசிடென்ட். இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. அந்த ஆண்டில் 60 நாளாவது இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்தான். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு இந்த இரண்டாவது வழி ஞாபகத்திலேயே இருப்பதில்லை. காரணம், பல வருடமாக அவர்களுக்கு அது பொருந்தாமலே இருந்திருக்கும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு ‘விசிட்’ வந்தால் 60 என்ற இடத்தில் 182 என்று வைத்துக்கொள்ளச் சட்டமே சலுகை கொடுக்கிறது. வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பும் ஆண்டிலும் அப்படியே. நீங்கள் 2013ல் கிளம்பியபோது அந்தச் சலுகை இருந்தது, வருடா வருடம் லீவில் வந்தபோதும் இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் முதல் நண்பர் 182 என்கிறார்.

ஆனால் நிரந்தரமாகத் திரும்பி வருவது விசிட் ஆகாது. விசா கேன்சல், வீட்டுச் சாமான் கன்டெய்னரில் வந்தது, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும். திரும்பி வரும் ஆண்டுக்கென்று தனிச் சலுகை எதுவும் சட்டத்தில் இல்லை. ஆகவே உங்களுக்கு 60 தான் கணக்கு.

இனி நாட்கள். ஜனவரி 18 முதல் 31 வரை 14, பிப்ரவரி 28, மார்ச் 31, ஆக 73. ஆகஸ்ட் லீவு 20 சேர்த்தால் 93. 60ஐத் தாண்டியாகிவிட்டது. முந்தைய நான்கு ஆண்டுகள் 176, 75, 58, 62. மொத்தம் 371. 365ஐயும் தாண்டிவிட்டது, ஆறு நாள் மிச்சத்தில்.

இந்த ஆறு நாள்தான் சங்கடமான இடம். விமானம் இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டையும் சேர்த்து எண்ணித்தான் நீங்கள் 371 கொடுத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளையும் எண்ண வேண்டும் என்று அட்வான்ஸ் ரூலிங் ஆணையம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இறங்கிய நாளை விட்டுவிடலாம் என்று பெங்களூரு, மும்பை வருமானவரித் தீர்ப்பாயங்கள் சொல்லியிருக்கின்றன. அந்த நான்கு ஆண்டுகளில் வருடத்துக்கு இரண்டு முறை வந்தீர்கள் என்றால் எட்டு வருகை. இறங்கிய எட்டு நாளைக் கழித்தால் 363. அதாவது நீங்கள் நான்-ரெசிடென்ட்! எப்படி எண்ணுவது என்ற ஒரே கேள்வியில் ஸ்டேட்டஸே மாறுகிறது. அதனால் மனக்கணக்கை ஒதுக்கிவிட்டு பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை எண்ணுங்கள். டிக்கெட் தேதியைப் பார்க்க வேண்டாம், இமிக்ரேஷன் முத்திரையில் உள்ள தேதியைப் பாருங்கள். இரவு பதினொன்றே முக்காலுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினால் வரிசையில் நின்று முத்திரை வாங்கும்போது மறுநாள் பிறந்திருக்கும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்துக்கு முதல் நாள் இரவே முத்திரை விழுந்திருக்கலாம். மார்ச்-ஏப்ரலில் லீவுக்கு வந்தவர்கள் அந்தப் பயணத்தை மார்ச் 31ல் இரண்டாக வெட்ட வேண்டும். அமீரகத்தில் எல்லாம் ஜனவரி-டிசம்பர் கணக்கு என்பதால் இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எக்செலில் B பத்தியில் வந்த தேதி, C பத்தியில் போன தேதி, E1ல் ஏப்ரல் 1, F1ல் மார்ச் 31 என்று வைத்துக்கொண்டால் இந்த ஒரு வரி போதும்:

```
=MAX(0, MIN(C2,F$1) - MAX(B2,E$1) + 1)
```

இது இரண்டு நாளையும் எண்ணும். இறங்கிய நாளை விட வேண்டுமானால் ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, ரெசிடென்ட் ஆகிவிட்டால் துபாய் சம்பளம் முழுக்க வரி என்று இரண்டாவது நண்பர் சொன்னாரே? அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். ரெசிடென்ட் என்று முடிவானதும் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆர்டினரிலி ரெசிடென்ட்டா, இல்லையா? முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதிலாவது நான்-ரெசிடென்ட்டாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்குள் இருந்தாலோ ஆர்.என்.ஓ.ஆர். இங்கேயும் ஒன்று பொருந்தினால் போதும். 2015-16 முதல் 2024-25 வரை பத்து ஆண்டும் நீங்கள் நான்-ரெசிடென்ட்தானே? 2021-22ல் அப்பாவுக்காக 176 நாள் இருந்தபோதும் 182 தொடவில்லை, விசிட் சலுகையும் இருந்தது. ஆகவே 2025-26க்கு ஆர்.என்.ஓ.ஆர் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆர்.என்.ஓ.ஆர் ஆட்களுக்கு வரி எல்லை கிட்டத்தட்ட நான்-ரெசிடென்ட் மாதிரியே. இந்தியாவில் விளைந்த வருமானம், இந்தியாவில் முதலில் கைக்கு வந்த வருமானம் இரண்டுக்கும் வரி. வெளிநாட்டில் விளைந்து வெளிநாட்டிலேயே வாங்கிய வருமானத்துக்கு வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு வருமானம் மட்டும் ஆர்.என்.ஓ.ஆருக்கு வரிக்குள் வரும், நான்-ரெசிடென்ட்டுக்கு வராது. சம்பளக்காரரான உங்களுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வரி என்பது ஆர்டினரிலி ரெசிடென்ட், அதாவது ஆர்.ஓ.ஆர் ஆன பிறகுதான்.

அப்படியானால் 371ஆ 363ஆ என்று ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், இரண்டிலும் துபாய் சம்பளம் தப்பிக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த எண்ணால் மாறுவது வேறு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, ஆர்.ஓ.ஆர் எப்போது ஆரம்பிக்கிறது என்பது. 2025-26ல் ரெசிடென்ட் என்று எடுத்துக்கொள்வோம். 2026-27க்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது நான்-ரெசிடென்ட், ஒன்று ரெசிடென்ட். இன்னும் ஆர்.என்.ஓ.ஆர்தான். 2027-28க்கு வந்தால் பத்தில் எட்டுதான் நான்-ரெசிடென்ட், அந்த வழி மூடியாயிற்று. ஏழு ஆண்டு நாட்களைப் பார்த்தால் 24, 176, 75, 58, 62, 93, அப்புறம் முழு 2026-27ன் 365. கூட்டினால் 853. 729 எப்போதோ போய்விட்டது. ஆகவே 2027 ஏப்ரல் 1 முதல் நீங்கள் ஆர்.ஓ.ஆர். 2025-26ல் நான்-ரெசிடென்ட் ஆகியிருந்தால் இதே கணக்கில் 2027-28லும் பத்தில் ஒன்பது நிற்கும். ஆர்.ஓ.ஆர் ஒரு வருடம் தள்ளி 2028 ஏப்ரலில்தான் வரும். துபாய் ஃப்ளாட் வாடகைக்கு ஒரு வருட வரி மிச்சம், அதை விற்க ஒரு வருடம் கூடுதல் அவகாசம்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர் பக்கம் இழுக்கிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அது 87ஏ பிரிவின் தள்ளுபடி. அது ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான். ஆர்.என்.ஓ.ஆரும் ரெசிடென்ட்டில் ஒரு வகை என்பதால் அவருக்கும் உண்டு. நான்-ரெசிடென்ட்டுக்குக் கிடையாது. உங்கள் தொகைகள் தெரியாததால் ஒரு உத்தேசக் கணக்கு போடுகிறேன். ஜனவரி 18க்குப் பிறகான சம்பளம் 6 லட்சம், நிலைக் கழிவு 75,000 போக 5,25,000. இங்குள்ள ஃப்ளாட் வாடகை மாதம் 28,000, வருடத்துக்கு 3,36,000, அதில் 30 சதவீதம் கழித்து 2,35,200 (சொத்து வரி கட்டியிருந்தால் இன்னும் குறையும்). என்.ஆர்.இ எஃப்.டி வட்டியில் ஜனவரி 18க்குப் பிந்தைய பகுதி 60,000. மொத்தம் 8,20,200. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மீதி 20,200க்கு 10 சதவீதம் 2,020. செஸ் சேர்த்து சுமார் 22,900 ரூபாய். ஆர்.என்.ஓ.ஆர் என்றால் தள்ளுபடியில் இது முழுக்கப் போய்விடும். நான்-ரெசிடென்ட் என்றால் கட்ட வேண்டும்.

ஆக, இந்த வருடம் சுமார் 23,000 மிச்சப்படுத்த ரெசிடென்ட் நல்லது, ஆர்.ஓ.ஆரை ஒரு வருடம் தள்ளிப்போட நான்-ரெசிடென்ட் நல்லது. இது நம் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் மெனு இல்லை, நாள் கணக்குதான் தீர்மானிக்கும். ஆனால் உங்கள் நாள் கணக்கு தீர்ப்புகளே முரண்படும் இடத்தில் நிற்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு நாளையும் எண்ணி, ரெசிடென்ட், ஆர்.என்.ஓ.ஆர் என்றே போடுங்கள். நான்-ரெசிடென்ட் என்று போட்டு வாதாட வேண்டுமானால் அதில் கிடைக்கும் லாபம் அந்தத் தலைவலிக்கு ஈடாக வேண்டும். 2027-28லும் துபாய் ஃப்ளாட் உங்கள் கையில் இருந்து, அதைப் பெரிய லாபத்துக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். இன்னும் கிளம்பாமல் அங்கே இருப்பவர்களுக்கு இதே கணக்கு முன்கூட்டியே உதவும். நீங்கள் பிப்ரவரி 21 அன்று வந்திருந்தால் மார்ச் 31 வரை 39 நாள், ஆகஸ்ட் லீவோடு 59. எந்த வாதமும் இல்லாமல் நான்-ரெசிடென்ட் ஆகியிருப்பீர்கள்.

இப்போது ஒவ்வொரு வருமானமாக வருகிறேன். ஸ்டேட்டஸ் சரியாகப் போட்டும் பலர் சிக்குவது இங்கேதான்.

சம்பளம் எங்கே வேலை செய்தீர்களோ அங்கே விளைகிறது. கம்பெனி எங்கே இருக்கிறது, எந்த நாணயத்தில், எந்த பேங்கில் போட்டார்கள் என்பதெல்லாம் அடுத்ததுதான். மடிப்பாக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து செய்த வேலையின் சம்பளம் இந்தியாவில் விளைந்தது. ஆர்.என்.ஓ.ஆர் ஆனாலும் நான்-ரெசிடென்ட் ஆனாலும் இதற்கு வரி உண்டு. இந்தியா-அமீரக வரி ஒப்பந்தத்தில் 183 நாளுக்குள் என்றால் விலக்கு என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு அமீரகத்தின் ரெசிடென்ட்டுக்கு. அப்படி ஆக ஒருவர் காலண்டர் ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். 2026 காலண்டரில் உங்களுக்கு அங்கே பதினேழு பதினெட்டு நாள்தான். அந்த விலக்கு உங்களுக்குப் பயன்படாது. கம்பெனி இந்தியாவில் டி.டி.எஸ் பிடித்திருக்காது. அதனால் வரி வருகிறதென்றால் நீங்களேதான் கட்ட வேண்டும். 2021-22ல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த 176 நாளில் இங்கிருந்து வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியிருந்தால் அந்த ஆண்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும்.

கிராஜுவிட்டி துபாயில் உழைத்ததற்கான பணம், வெளிநாட்டில் விளைந்தது. ஆர்.என்.ஓ.ஆர் காலத்தில் அதற்கு வரி இல்லை, ஆனால் அது முதலில் கைக்கு வரும் இடம் முக்கியம். துபாய் பேங்க் கணக்கில் வாங்கி, அப்புறம் நீங்கள் சென்னைக்கு அனுப்பினால் இங்கே வருவது உங்கள் பணத்தின் இடமாற்றம், வருமானம் இல்லை. கம்பெனியே நேராகச் சென்னைக் கணக்குக்கு அனுப்பினால் ‘இந்தியாவில் பெற்ற வருமானம்’ என்று அதிகாரி பிடிக்க இடம் கொடுக்கிறீர்கள். கப்பலில் வேலை பார்க்கும் நான்-ரெசிடென்ட்களுக்கு, சம்பளம் என்.ஆர்.இ கணக்கில் விழுந்தது என்பதற்காக மட்டும் வரி போடக்கூடாது என்று 2017ல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. அது அவர்களுக்கு மட்டும். உங்களை அது காப்பாற்றாது. அதனால் கிராஜுவிட்டி வரும் வரை துபாய் கணக்கை மூடாதீர்கள். விசா கேன்சல் ஆனபின் பேங்க் தானாகக் கணக்கை முடக்கக்கூடும், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துபாய் ஃப்ளாட் வாடகையும் இதே மாதிரி அங்கேயே விழட்டும்.

என்.ஆர்.இ எஃப்.டி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் அநேகமாகத் தவறுகிறார்கள். நான் ஆர்.என்.ஓ.ஆர், அதனால் என்.ஆர்.இ வட்டிக்கு வரி இல்லை என்று நினைக்கிறார்கள். இந்த விலக்கு வருமானவரிச் சட்டத்தின் நாள் கணக்கைப் பார்ப்பதே இல்லை. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவரா என்றுதான் பார்க்கிறது. ஃபெமாவில் நோக்கமும் முக்கியம். நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டால், திரும்பியதுமே என்.ஆர்.இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும் அல்லது பணத்தை ஆர்.எஃப்.சி கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே ஜனவரி 17 வரை வட்டிக்கு வரி இல்லை, 18லிருந்து உண்டு. பேங்க் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. நீங்கள் போய்ச் சொல்லாதவரை என்.ஆர்.இ என்றே நடத்தி டி.டி.எஸ் பிடிக்காமல் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். வரி வராது என்று அர்த்தமில்லை. வரி பாக்கி சத்தமில்லாமல் சேர்கிறது என்று அர்த்தம். இன்னும் சொல்லவில்லை என்றால் இந்த வாரமே பேங்குக்குப் போய் வாருங்கள்.

வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் எஃப்.சி.என்.ஆர், ஆர்.எஃப்.சி டெபாசிட்டுகள் வேறு ரகம். அவற்றின் வட்டிக்கு ஆர்.என்.ஓ.ஆர் இருக்கும்வரை விலக்கு உண்டு. துபாய் சேமிப்பைக் கொண்டுவரும்போது ஒரு பகுதியை டாலரிலேயே ஆர்.எஃப்.சி-யில் வைத்தால் 2027 மார்ச் 31 வரை அந்த வட்டி வரிக்கு வராது. வட்டி விகிதம் ரூபாய் எஃப்.டி-யைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள், வரி விலக்குக்காக மட்டும் போடாதீர்கள்.

இங்குள்ள ஃப்ளாட் வாடகைக்கு எந்த ஸ்டேட்டஸிலும் வரி உண்டு, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இனி நீங்கள் இங்கேயே வசிக்கிறீர்கள் என்று வாடகைதாரரிடம் சொல்லிவிடுங்கள். நான்-ரெசிடென்ட் வீட்டுக்காரருக்கு அவர் பிடிக்க வேண்டிய 31.2 சதவீத டி.டி.எஸ் இனி தேவைப்படாது.

துபாய் ஃப்ளாட்டை விற்கும் எண்ணம் இருந்தால் உங்கள் கெடு 2027 மார்ச் 31. அதற்குள் விற்றுப் பணத்தைத் துபாய் கணக்கில் வாங்கினால் லாபத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1க்குப் பிறகு விற்றால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்குப் பொதுவாக லாபத்தில் 12.5 சதவீதம். லாபம் 40 லட்சம் என்றால் 5 லட்சம், செஸ் சேர்த்து 5,20,000. அமீரகத்தில் தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லாததால் அங்கே கட்டியதை இங்கே கழிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விற்காமல் வைத்திருந்தாலும் ஒரு வேலை கூடுகிறது. ஆர்.ஓ.ஆர் ஆனதும் வெளிநாட்டுச் சொத்துகளை ரிட்டர்னில் `Schedule FA` பகுதியில் காட்ட வேண்டும். அங்கே மட்டும் காலண்டர் ஆண்டுக் கணக்கு. காட்டாமல் விட்டால் 2015ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஃப்ளாட்டுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது. ஆர்.என்.ஓ.ஆர் ஆண்டுகளில் இந்தப் பகுதியை நிரப்பத் தேவையே இல்லை.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் வளைகுடா ஆட்களுக்காக 15 லட்ச விதியையும் சொல்லிவிடுகிறேன். 2020-21லிருந்து, வெளிநாட்டு மூலம் அல்லாத வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் விசிட் வருபவரின் 182 நாள் 120 ஆகிவிடும். முந்தைய நான்கு ஆண்டின் 365 நாள் நிபந்தனை அப்போதும் கூடவே வரும். அதோடு, எந்த நாட்டிலும் வசிப்பிடக் காரணத்தால் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், அதே 15 லட்சத்தைத் தாண்டினால் ஒரு நாள் கூட இங்கே இல்லாவிட்டாலும் ரெசிடென்ட்டாகக் கருதப்படுவார். கேட்டதும் பதறுகிறார்கள். ஆனால் 120 முதல் 181 நாள் வரை தங்கி இப்படி ரெசிடென்ட் ஆகிறவரும், இருக்காமலே ஆகிறவரும் ஆர்.என்.ஓ.ஆர்தான். அவர்களின் வளைகுடா சம்பளத்துக்கு வரி வராது. சென்னையில் ஒரு மனையை விற்று லாபம் 15 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் மட்டும் லீவு நாட்களைக் கொஞ்சம் கவனித்து எண்ணினால் போதும்.

ரிட்டர்ன் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஐ.டி.ஆர்-1 சஹஜ் ஆர்.என்.ஓ.ஆருக்குக் கிடையாது, நீங்கள் ஐ.டி.ஆர்-2 போட வேண்டும், ஜூலை 31க்குள். ஸ்டேட்டஸைத் தேர்வு செய்யும் இடத்தில் எந்த நிபந்தனையால் என்று கேட்கும். 60 நாள், 365 நாள் என்ற வரியையும், ஆர்.என்.ஓ.ஆருக்குப் பத்தில் ஒன்பது ஆண்டு என்ற வரியையும் தேர்ந்தெடுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமானவரிச் சட்டம் 2025 அமலுக்கு வந்திருந்தாலும் 2025-26க்கான ரிட்டர்ன் பழைய 1961 சட்டத்தின்படிதான். நாள் வரம்புகள் புதிய சட்டத்திலும் இதேதான், ‘வரி ஆண்டு’ என்று பெயர்தான் புதிது. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து ஆண்டுக் கணக்கைக் கேட்டு நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டியது அந்த முத்திரைகளைத்தான். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, விசா கேன்சல் செய்த தாளையும் கம்பெனியின் கடைசி சம்பளச் சீட்டையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.